ஞாயிறு வேறு, தீபாவளி வேறு

2025 நவம்பர் கடைசி வாரம். எங்கள் தெருவில் குடியிருக்கும் இளைஞர் ஒருவர் இரவு எட்டு மணிக்கு மேல் வந்து கதவைத் தட்டினார். அம்பத்தூர் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் சி.என்.சி. இயந்திரம் ஓட்டுபவர். கையில் அக்டோபர் மாதச் சம்பளச் சீட்டு. கைப்பேசியில் கம்பெனியிலிருந்து வந்த ஒரு செய்தி. “சார், நீங்க டைம் ஆபீஸ்ல இருந்தவர்தானே, இது சரியா இருக்கான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க” என்றார்.

நான் ஓய்வு பெறும்வரை வருகைப் பதிவேடு, ஓ.டி. சீட்டு, சி-ஆஃப் கணக்கு இவற்றோடுதான் வாழ்ந்தேன். சி-ஆஃப் என்றால் ஈட்டு விடுப்பு: விடுமுறை நாளில் வேலைக்கு வந்ததற்கு ஈடாக இன்னொரு நாள் கொடுக்கும் ஓய்வு. தொழிற்சாலைக்குள் எல்லாரும் சொல்வது சி-ஆஃப்தான். ஆகவே நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்த அக்டோபரில் அவர் மூன்று விடுமுறை நாட்களில் வேலைக்குப் போயிருந்தார். 2-ஆம் தேதி வியாழன், காந்தி ஜெயந்தி. 12-ஆம் தேதி ஞாயிறு. 19-ஆம் தேதி ஞாயிறு, அதாவது தீபாவளிக்கு முதல் நாள். தீபாவளியன்று மட்டும் வீட்டில் இருந்தார். காந்தி ஜெயந்திக்குச் சீட்டில் பணம் இல்லை, ஒரு சி-ஆஃப் வரவு வைத்திருந்தார்கள். 12-ஆம் தேதிக்கு எட்டு மணி நேர ஓ.டி. என்று 800 ரூபாய் போட்டிருந்தது. 19-ஆம் தேதிக்கு ஒரு சி-ஆஃப். கைப்பேசியில் வந்த செய்தி அந்தக் கடைசி சி-ஆஃபைப் பற்றியதுதான்: முப்பது நாளுக்குள் எடுக்காததால் அது காலாவதியாகிவிட்டது.

“மூணு நாளும் லீவு நாள்தானே சார், மூணுக்கும் டபுள் வரணும்ல?” என்று கேட்டார். இந்தக் கேள்வியை என் பணிக்காலத்தில் நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஒவ்வொரு முறையும் நான் முதலில் சொன்னது, லீவு நாள் எல்லாம் சட்டத்தின் கண்ணில் ஒரே ரகம் அல்ல என்பதுதான். வார ஓய்வு ஒரு சட்டத்திலிருந்து வருகிறது. பண்டிகை விடுமுறை வேறொரு சட்டத்திலிருந்து வருகிறது. ஒன்றில் வேலை செய்தால் கிடைக்க வேண்டியது வேறு, மற்றதில் வேறு. இரண்டையும் ‘டபுள்’ என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டிவிடுவதால்தான் தொழிலாளி சில நாட்களில் கிடைக்காததைக் கேட்கிறார், வேறு சில நாட்களில் கிடைக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிடுகிறார்.

காந்தி ஜெயந்தியிலிருந்து தொடங்கினோம், அதுதான் எளிது.

தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டு முதல் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. தொழிற்சாலை, கடை, ஓட்டல், தோட்டம் எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதன்படி தொழிலாளிக்கு ஆண்டுக்கு ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் நிலையானவை. மீதி ஐந்து பண்டிகை நாட்கள், நிர்வாகத்தையும் தொழிலாளர்களையும் கலந்து முடிவாகும். அரசு ஆண்டுதோறும் வெளியிடும் இருபதுக்கும் மேற்பட்ட பொது விடுமுறைப் பட்டியலைக் காட்டி “இன்னிக்கு கவர்மென்ட் லீவு, எங்களுக்கும் டபுள் கொடுங்க” என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பட்டியல் தனியார் தொழிற்சாலையைக் கட்டுப்படுத்தாது. உங்கள் தொழிற்சாலையின் ஒன்பது நாள் பட்டியலில் இருந்தால்தான் அது உங்களுக்கு விடுமுறை. அதனால் டிசம்பரில் அந்த ஐந்து நாட்களைப் பேசும்போதே காலண்டரைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வார ஓய்வாக உள்ள இடத்தில் ஐந்தில் ஒன்றாக அதை எழுதிவிட்டால் ஒரு நாள் ஏற்கெனவே இருந்த ஓய்வுக்குள் போய் மறைந்துவிடும்.

இந்த ஒன்பது நாட்களில் ஒன்றில் வேலைக்கு வரச் சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. ஆனால் குறைந்தது இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்பே தொழிலாளிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதன் நகலை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும், அறிவிப்புப் பலகையிலும் ஒட்ட வேண்டும். முதல் நாள் மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் சூபர்வைசர் தோளைத் தட்டி “நாளைக்கு வந்துடுப்பா” என்று சொல்வது அறிவிப்பு ஆகாது.

வந்து வேலை செய்தவருக்கு இரண்டு வழி உண்டு. அந்த நாளுக்கு இரட்டைச் சம்பளம் வாங்கிக்கொள்ளலாம். அல்லது அந்த நாளுக்கான சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் விடுமுறை எடுத்துக்கொள்ளலாம். இதில் எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு. சட்டம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. நடைமுறையில் மிக அதிகமாக மீறப்படுவது இந்த ஒரு வரிதான் என்பது என் அனுபவம். மாத இறுதியில் கணினியில் எல்லாருக்கும் ஒரே பொத்தானை அழுத்தி ‘சி-ஆஃப்’ என்று வரவு வைத்துவிடுவார்கள். யாரிடமும் கேட்பதில்லை. அவரிடமும் கேட்கவில்லை. “எனக்குப் பணம்தான் வேணும் சார், வீட்டுல செலவு இருக்கு” என்றார். அது அவர் உரிமை.

இங்கே ‘இரட்டை’ என்பதில் ஒரு குழப்பம் வரும். மாதச் சம்பளக்காரரின் சம்பளத்தில் காந்தி ஜெயந்திக்கான ஒரு நாள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. வராமல் வீட்டில் இருந்திருந்தாலும் அது வந்திருக்கும். ஆகவே சீட்டில் கூடுதலாகத் தெரிய வேண்டியது இன்னும் ஒரு நாள் சம்பளம். இரண்டு நாள் கூடுதலாக வரும் என்று எதிர்பார்த்து ஏமாறுபவர்கள் நிறைய. இவர் மாதச் சம்பளம் எல்லாப் படிகளும் சேர்த்து 18,200 ரூபாய். இருபத்தாறால் வகுத்தால் ஒரு நாளுக்கு 700. ஆக, காந்தி ஜெயந்திக்கு அவர் கேட்கக்கூடியது 700 ரூபாய். பணம் வேண்டாம் என்றால் சம்பளத்தோடு ஒரு நாள்.

இப்போது ஞாயிறு.

பழைய தொழிற்சாலைகள் சட்டம், அதாவது 1948-ஆம் ஆண்டுச் சட்டம், அந்த அக்டோபரில் நடப்பில் இருந்தது. ஞாயிறன்று வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் கிடையாது. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. ஆனால் சட்டம் சொன்னது அதைவிடக் கண்டிப்பானது: வாரத்தின் முதல் நாளில் வேலை செய்யவே கூடாது. தொழிலாளி விரும்பினாலும் நிர்வாகம் அனுமதிக்கக் கூடாது. ஞாயிறன்று வரவழைக்க வேண்டுமானால், அதற்கு முந்தைய மூன்று நாட்களிலோ பிந்தைய மூன்று நாட்களிலோ ஒரு முழு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். அப்படி மாற்றப்போவதை முன்கூட்டியே ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டும், தொழிற்சாலையில் ஒட்டவும் வேண்டும். எப்படி மாற்றினாலும், இடையில் ஒரு முழு நாள் ஓய்வில்லாமல் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் யாரும் வேலை செய்யக் கூடாது.

அவருடைய நாட்களை நான் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். 5-ஆம் தேதி ஞாயிறு வீட்டில். 6-ஆம் தேதி திங்கள் முதல் 19-ஆம் தேதி ஞாயிறு வரை ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. பதினான்கு நாள். 12-ஆம் தேதிக்கு அவர்கள் ஓ.டி. பணம் கொடுத்ததால் இந்தப் பதினான்கு நாள் நேராகிவிடாது. ஓய்வை விலைக்கு வாங்க அந்தச் சட்டம் இடம் தரவில்லை. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே உலோகத்தைக் கடையும் இயந்திரத்தில் பொருளை மாட்டிக் கழற்றும் ஒருவருக்குப் பதின்மூன்றாம் நாள் மாலை கை எப்படி இருக்கும் என்பது இந்த வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையில் விரல் போன இரண்டு பேருக்கு நான்தான் ஈ.எஸ்.ஐ. தாள்களை நிரப்பினேன். இரண்டு முறையும் வருகைப் பதிவேட்டில் பின்னோக்கிப் பார்த்தபோது ஓய்வு நாளைக் காண வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

அப்படியானால் ஞாயிறு ‘டபுள்’ எங்கிருந்து வந்தது? மணிக்கணக்கிலிருந்து. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஒரு வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேலோ வேலை செய்தால், மேற்பட்ட ஒவ்வொரு மணிக்கும் சாதாரண விகிதத்தைப் போல இரண்டு மடங்கு தர வேண்டும். வாரம் ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி என்று நாற்பத்தெட்டை முடித்தவர் ஞாயிறும் வந்தால் ஐம்பத்தாறு ஆகிறது. அந்த எட்டு மணிக்கு இரட்டை. பெரும்பாலான ஞாயிறுகளில் கணக்கு இப்படித்தான் விழும். அதனால்தான் ஞாயிறுக்கே இரட்டை என்ற நம்பிக்கை ஊறிவிட்டது.

ஆனால் எல்லா ஞாயிறும் அப்படி விழாது. தொழிற்சாலைச் சட்டத்தில் வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கி அடுத்த சனி நள்ளிரவில் முடிவது. ஞாயிறுதான் முதல் நாள். இதை மனதில் வைத்து இவருடைய இரண்டு ஞாயிறுகளையும் பார்த்தோம்.

12-ஆம் தேதி தொடங்கிய வாரத்தில் ஞாயிறு முதல் சனி வரை ஏழு நாளும் வேலை. ஐம்பத்தாறு மணி. எட்டு மணி நேரம் இரட்டை விகிதத்தில் வர வேண்டும், சந்தேகமே இல்லை. 19-ஆம் தேதி தொடங்கிய வாரத்தில் ஞாயிறு வேலை, திங்கள் தீபாவளி, செவ்வாய் முதல் சனி வரை வேலை. ஆறு நாள், சரியாக நாற்பத்தெட்டு மணி. ஆகவே 19-ஆம் தேதி ஞாயிறுக்குச் சட்டப்படி ஓ.டி. பணம் இல்லை. தீபாவளிக்குக் கிடைத்த ஒரு நாள் அந்தக் கணக்கைச் சமன் செய்துவிட்டது. “அப்போ அந்த ஞாயிறு சும்மா போச்சா?” என்று கேட்டார். சும்மா போகவில்லை. பணம் இல்லையே தவிர, ஓய்வு பாக்கி அப்படியே நிற்கிறது. தீபாவளி அவருக்குத் தனிச் சட்டத்தால் வந்த நாள். அதையே வார ஓய்வாகவும் காட்டி இரண்டு கடனை ஒரு காசில் அடைக்க முடியாது.

மாற்று ஓய்வை ஞாயிறுக்கு முன்னால் கொடுப்பதா பின்னால் கொடுப்பதா என்பதிலும் பணம் மாறும். 12-ஆம் தேதி ஞாயிறு வரச் சொல்லிவிட்டு 15-ஆம் தேதி புதன்கிழமை ஓய்வு கொடுத்திருந்தால், அந்த வாரத்தில் ஆறே நாள் வேலை. ஓ.டி. இல்லை. அதே ஓய்வை முன்கூட்டி 9-ஆம் தேதி வியாழக்கிழமை கொடுத்திருந்தால், அது முந்தைய வாரத்துக்குள் போய்விடும். 12-இல் தொடங்கும் வாரம் ஏழு நாளாகவே நிற்கும், எட்டு மணிக்கு இரட்டையும் தர வேண்டியிருக்கும். அனுபவமுள்ள டைம் ஆபீஸ்காரர்கள் மாற்று ஓய்வைப் பெரும்பாலும் பின்னால் தள்ளுவதற்குக் காரணம் இதுதான். அதில் தவறு ஒன்றும் இல்லை, மூன்று நாளுக்குள் உண்மையாகவே கொடுத்தால்.

12-ஆம் தேதிக்கு வந்த 800 ரூபாய்க்கு வருவோம். எட்டு மணிக்கு 800 என்றால் மணிக்கு 100. இந்த நூறு எங்கிருந்து வந்தது என்று சீட்டைத் திருப்பிப் பார்த்தால், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 10,400. அதை இருபத்தாறால் வகுத்தால் 400, எட்டால் வகுத்தால் 50, இரட்டித்தால் 100. வீட்டு வாடகைப்படியும் பயணப்படியுமாக இருந்த 7,800 ரூபாயைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பழைய சட்டமோ ஓ.டி.க்கான சாதாரண விகிதம் என்பது அடிப்படைச் சம்பளமும், தொழிலாளிக்கு உரிய படிகளும் சேர்ந்தது என்று சொன்னது. போனசையும் ஓ.டி. தொகையையும் மட்டுமே விலக்கியது. இதே கேள்வியை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியர்கள் பல ஆண்டுகள் வழக்காக நடத்தினார்கள். வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்றவற்றையும் சேர்த்தே ஓ.டி. கணக்கிட வேண்டும் என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றம் சொன்னது. உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

ஆக, இவருக்கு முழுச் சம்பளம் 18,200-ஐ வைத்து நாளுக்கு 700, மணிக்கு 87 ரூபாய் 50 காசு, இரட்டை 175, எட்டு மணிக்கு 1,400. கொடுத்தது 800. குறைவு 600. சில இடங்களில் இருபத்தாறுக்குப் பதிலாக முப்பதால் வகுப்பதையும் பார்த்திருக்கிறேன். வேலை நாட்களுக்கான சம்பளத்தை ஓய்வு நாட்களுக்கும் பரப்பி மணி விகிதத்தைச் சத்தமில்லாமல் குறைக்கும் வழி அது. சம்பளச் சீட்டில் ஓ.டி. மணி நேரமும் தொகையும் இருந்தால் போதும், பின்னாலிருந்து கணக்குப் போட்டு எந்த விகிதத்தில் கொடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

ஓ.டி. இரட்டிப்பு என்பது நிர்வாகத்தின் தாராளம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்வேன். 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின்போது, குஜராத் அரசு ஓர் அறிவிக்கை போட்டது. தொழிற்சாலைகளில் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டை வேண்டாம், சாதாரண விகிதமே போதும் என்றது. குஜராத் மஸ்தூர் சபா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 அக்டோபர் 1 அன்று நீதிமன்றம் அந்த அறிவிக்கையை ரத்து செய்து, வேலை செய்தவர்களுக்கு ஓ.டி. தொகையைச் சட்டப்படியே கொடுக்கச் சொன்னது. அந்த நெருக்கடியைக் காரணம் காட்டியும் ஒரு மாநில அரசால் அந்த இரட்டிப்பை எடுத்துவிட முடியவில்லை. ஒரு தொழிற்சாலையின் மனிதவளத் துறை சுற்றறிக்கையால் எப்படி முடியும்?

அடுத்து, காலாவதி. அவருக்கு மிக வலித்தது இதுதான். 19-ஆம் தேதி வேலைக்குக் கூப்பிடும்போது 22-ஆம் தேதி ஓய்வு என்று சொன்னார்கள். 21-ஆம் தேதி மாலை, அவசர ஆர்டர், பிறகு எடுத்துக்கொள் என்றார்கள். நவம்பரில் இரண்டு முறை கேட்டிருக்கிறார். இரண்டு முறையும் ஆள் இல்லை என்ற பதில். பிறகு முப்பது நாள் ஆனதும் கணினி தானாகவே அதை அழித்துவிட்டது.

சில வேலைகளுக்கு வார ஓய்வு விதியிலிருந்து விலக்கு உண்டு. அவசரப் பழுதுபார்ப்பு, தொழில்நுட்பக் காரணத்தால் நிறுத்த முடியாத தொடர் வேலை போன்றவை. அந்த விலக்கால் ஓய்வை இழந்தவருக்குக்கூட, இழந்த அதே எண்ணிக்கை ஓய்வு நாட்களை அந்த மாதத்துக்குள்ளோ அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளோ கொடுத்தாக வேண்டும். அக்டோபர் ஓய்வுக்குக் கடைசி நாள் டிசம்பர் 31. இந்தக் கெடு யாருக்கு என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். இந்த நாளுக்குள் நீ எடுத்துக்கொள், இல்லாவிட்டால் போய்விடும் என்று சட்டம் தொழிலாளியிடம் சொல்லவில்லை. இந்த நாளுக்குள் கொடுத்துவிடு என்று நிர்வாகத்திடம் சொல்கிறது. கடன் வாங்கியவர் கெடு தாண்டியதும் கடன் தீர்ந்துவிட்டது என்று சொல்வதும், சி-ஆஃப் காலாவதி என்பதும் ஒன்றுதான். விலக்கே இல்லாத வேலையாக இருந்தால் இன்னும் மோசம். அப்போது இரண்டு மாத அவகாசமே கிடையாது, மூன்று நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும்.

ஓ.டி. கொடுத்தாயிற்று, ஆகவே சி-ஆஃப் கிடையாது என்ற வாதமும் அடிக்கடி வரும். இவர் விஷயத்தில் 12-ஆம் தேதிக்கு அதைத்தான் சொல்லியிருந்தார்கள். ஓ.டி. பணம் நாற்பத்தெட்டு மணியைத் தாண்டியதற்கு. சி-ஆஃப் ஓய்வு நாளைப் பறித்ததற்கு. இரண்டும் இரண்டு காரணத்தால் பிறக்கின்றன. அந்த ஞாயிறால் இரண்டும் நடந்திருந்தால் இரண்டும் உண்டு. பண்டிகை நாளில்தான் ‘இதுவா அதுவா’ என்ற தேர்வு. அந்தத் தேர்வை ஞாயிறுக்கும் இழுத்து வந்து வைத்துக்கொள்வது வசதியான குழப்பம்.

அவர் என்னிடம் வந்த நேரத்தில்தான் சட்டமும் மாறியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், வேலை நிலைமைகள் பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு வந்திருக்கிறது. அவருடைய அக்டோபர் கணக்கை இது தொடாது. அது பழைய சட்டம் இருந்தபோது பிறந்த பாக்கி. ஆனால் இனி வரும் ஞாயிறுகளுக்கு இதைத்தான் பார்க்க வேண்டும்.

வாரத்தில் ஆறு நாளுக்கு மேல் வேலை கூடாது என்பது தொடர்கிறது. விலக்கால் போன ஓய்வை அந்த மாதம் அல்லது அடுத்த இரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அப்படியே இருக்கிறது. ஓ.டி.க்கு இரட்டை விகிதமும் இருக்கிறது, தொழிலாளியின் சம்மதம் வேண்டும் என்பது இன்னும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் முன்பின் மூன்று நாள் மாற்று ஓய்வு என்ற பழைய வாசகம் தொகுப்பின் உடலில் இல்லை. பத்து நாள் வரம்பு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் தொடர்பாக மட்டுமே அங்கே நிற்கிறது. எனக்கு இது கவலை தருகிறது. பதினான்கு நாள் தொடர்ந்து வேலை என்பதைத் தாளில் எழுதிக் காட்டி, இது தப்பு என்று ஒரே வரியில் சொல்ல உதவிய அளவுகோல் அந்தப் பத்து.

பணக் கணக்கிலும் மாற்றம் வந்திருக்கிறது. புதிய தொகுப்புகளில் ‘ஊதியம்’ என்றால் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி போன்றவை. வீட்டு வாடகைப்படியும் பயணப்படியும் அதற்கு வெளியே. ஆனால் வெளியே வைத்தவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்துக்குள் வந்துவிடும். இதன் விளைவு ஆளுக்கு ஆள் மாறும். மொத்தம் 18,200-இல் அடிப்படையும் பஞ்சப்படியும் 6,000 மட்டுமே என்று வைத்திருக்கும் இடத்தில், இனி 9,100-ஐ வைத்தாவது ஓ.டி. போட வேண்டும். அங்கே வேலை செய்பவருக்கு இது ஒரு தரைமட்டம். நம் இளைஞருக்கோ 10,400 ஏற்கெனவே பாதிக்கு மேல். அக்டோபரில் தவறாக இருந்த அதே நூறு ரூபாய் விகிதம் இனிமேல் அவருக்குச் சரியாகிவிடக்கூடும். இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஆவடித் தொழிலாளர்கள் அத்தனை ஆண்டு போராடி நிறுவிய கணக்கு, புதிய வரையறையின் கீழ் அப்படியே நிற்காது.

1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் மாநிலச் சட்டம். அதை இந்தத் தொகுப்புகள் நீக்கவில்லை. காந்தி ஜெயந்திக்கு இரட்டையா, மாற்று நாளா என்ற தேர்வு தொழிலாளியின் கையிலேயே இருக்கிறது.

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுக்கு 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம். வாரம் ஒரு முழு நாள் ஓய்வு, அந்த நாளுக்குச் சம்பளப் பிடித்தம் கூடாது. 2019-இல் கடைகள் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசு அனுமதித்தபோது, கடைக்கு விடுமுறை இல்லை என்பதால் ஊழியருக்கும் விடுமுறை இல்லை என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக நிபந்தனைகளும் சேர்த்தது. ஒவ்வொருவருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் ஓய்வு. யாருக்கு எந்த நாள் என்ற பட்டியல் கடையில் எல்லாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தீபாவளி விற்பனை நேரத்தில் துணிக்கடைக்குப் போகும்போது நான் அந்தப் பட்டியலைத் தேடுவேன். பல இடங்களில் கண்ணில் பட்டதில்லை.

அன்று இரவு அவரை ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். சண்டைக் கடிதம் அல்ல, மூன்றே பத்தி. காந்தி ஜெயந்திக்கு இரட்டைச் சம்பளத்தைத் தேர்ந்தெடுக்கிறேன், 700 ரூபாய். அக்டோபர் 12-க்கு ஓ.டி. குறைவு 600 ரூபாய், கணக்கு இணைப்பில், அதோடு ஓர் ஓய்வு நாள். அக்டோபர் 19-க்கு ஓர் ஓய்வு நாள். தேதி போட்டு, நகல் எடுத்து, வாங்கியவரின் கையொப்பத்தை நகலில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். கூடவே அந்த மூன்று நாட்களின் பஞ்ச் பதிவையும் வரச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்திகளையும் படமெடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். இது மிக முக்கியம். பல இடங்களில் ஞாயிறு வேலை பஞ்சில் ஏறாமல் தனி நோட்டில் எழுதப்படும். பிறகு ‘அன்று இவர் வரவே இல்லை’ என்று சொல்ல அதுவே போதும். வேலைக்கு வந்ததை நிரூபிக்க முடிந்தவருக்கு மற்றதெல்லாம் கூட்டல் கழித்தல்தான். அங்கே தீராவிட்டால் ஓய்வு நாள் விஷயத்துக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் இருக்கிறது. பணப் பாக்கியைக் கோர புதிய ஊதியத் தொகுப்பு மூன்று ஆண்டு அவகாசம் தருகிறது. முன்பு அது ஓராண்டுதான்.

டிசம்பர் நடுவில் தெருமுனையில் பார்த்தபோது நின்று பேசினார். 700 ரூபாயை நவம்பர் சம்பளத்தோடு போட்டுவிட்டார்கள். 17-ஆம் தேதி புதன்கிழமை ஒரு சி-ஆஃப், இன்னொன்று மாதக் கடைசியில். அழித்த வரவைக் கணினியில் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். 600 ரூபாய் மட்டும் ‘தலைமை அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம்’ என்று நிற்கிறது. கடிதத்தின் நகல் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார். தாள் எங்கே என்றேன். வீட்டில், ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாராம்.